ஏற்காட்டிலிருந்து மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

கவிதாவுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் சௌக்கியம். உன் மருமகளுக்கும் இப்போது அதே குரூப் பி ஸ்ட்ரெப் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற ‘ஸ்வாப்’ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாயே, அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

36 வாரம் முடிந்ததும் டாக்டரம்மா பஞ்சுக் குச்சியால் யோனி வாயிலில் தடவி, அதே குச்சியை ஆசனவாய்க்குள்ளும் கொஞ்சம் விட்டு எடுத்தார். "அங்கே எதுக்கும்மா?" என்று கவிதா கூச்சத்தில் நெளிந்தாள். அந்தக் கிருமிக்குக் குடல்தான் வீடு. முன்பக்கம் மட்டும் எடுத்தால் சில சமயம் தப்பிவிடும். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது: குரூப் பி ஸ்ட்ரெப், பாசிட்டிவ்.

லேபர் வார்டில் இத்தனை வருஷம் நின்றவள் நான், எனக்கே ஒரு நிமிஷம் திக்கென்றது. சம்பந்தியம்மா வேறு, "யாரிடமிருந்து ஒட்டியது?" என்று ஒரு மாதிரி பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டதடி. இது பால்வினை நோயும் இல்லை, சுத்தக் குறைவும் இல்லை. எத்தனையோ பெண்களின் உடம்பில் சும்மா இருந்துவிட்டுப் போகும் கிருமி. தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பிள்ளை வெளியே வரும் வழியில் தொற்றினால்தான் ஆபத்து. அப்படித் தொற்றுகிற குழந்தைகளிலும் நூற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் ரத்தத்திலோ நுரையீரலிலோ நோயாக மாறும். மாறினால் முதல் ஓரிரு நாளிலேயே உயிருக்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

"இப்பவே மாத்திரை போட்டு ஒழித்துவிடலாமே" என்றார் மாப்பிள்ளை. ஒழியாது. மாத்திரையை நிறுத்தினால் குடலிலிருந்து திரும்ப வந்துவிடும். மருந்து வலி வரும்போதுதான், நரம்பு வழியாக. அதுவும் குழந்தை பிறப்பதற்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்னால் முதல் டோஸ் ஏறியிருந்தால் முழுப் பலன்.

எனக்கு அந்த 4 மணி நேரம்தான் கவலை. இரண்டாவது பிரசவம் வேகமாக வரும்; நாங்களோ மலைமேல். சேலம் போக 20 கொண்டை ஊசி வளைவு. அதனால் வலி வரும்வரை காத்திருப்பதில்லை, பனிக்குடம் உடைந்தாலே கிளம்புவது என்று டாக்டரிடம் பேசி வைத்தேன். ராத்திரி ஒன்றரைக்கு உடைந்தது. இடுப்பு வலி இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, இருந்தும் காரை எடுத்தோம். மூடுபனியில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். மூன்று மணிக்குக் கை நரம்பில் வென்ஃப்ளான் போட்டு, டெஸ்ட் டோஸ் பார்த்து, மூன்றேகாலுக்கு ஆம்பிசிலின் 2 கிராம் ஏறியது. ஏழேகாலுக்கு இன்னொரு 1 கிராம். ஏழு ஐம்பதுக்குப் பேத்தி அழுதாள்.

வலியே வராமல், பனிக்குடமும் உடையாமல், முன்கூட்டியே நாள் குறித்துச் சிசேரியன் என்றால் இந்த ஊசி தேவையில்லை. ஆம்பிசிலினும் பென்சிலின் வகைதான்; அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்று மருந்து உண்டு. உன் மருமகளுக்குச் சின்ன வயதில் ஊசி போட்டுத் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்ததா என்று அவள் அம்மாவிடம் கேட்டு இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடு. மாற்று மருந்து கேட்குமா என்று லேபில் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஊசி போட்டாச்சே என்று நான் அசந்துவிடவில்லை. இரண்டு நாளும் பேத்தியின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்: முனகல் உண்டா, பால் இழுக்கிறாளா, துவண்டு கிடக்கிறாளா என்று. ஒரு வாரத்துக்கு அப்புறம் வரும் வகையை இந்த ஊசி தடுக்காது. ஆகவே 3 மாதம்வரை சூடு அடித்தால் வீட்டு வைத்தியம் கிடையாது, நேரே ஆஸ்பத்திரிதான் என்று கவிதாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

பாசிட்டிவ் என்று வந்தால் ரிப்போர்ட்டை ஃபைலின் முதல் பக்கத்தில் வை. நடு ராத்திரி டியூட்டியில் இருக்கிற பெண்ணுக்கு அது கண்ணில் படணும். உன் முழங்கால் இப்போது எப்படி? பதில் போடு.

உன்,
சரோஜா