கிளிநொச்சி – புதுக்குடியிருப்பு சரக்கு: எண்ணிக்கை வித்தியாசம்

நேற்று கிளிநொச்சிக் கடையிலிருந்து வந்த சரக்கைப் புதுக்குடியிருப்பில் எண்ணி முடிச்சாச்சு. சீனி 10 மூட்டை, மா 8 மூட்டை, இரண்டும் சரி.

சவர்க்காரம்தான் இடிக்குது. அனுப்பின சிட்டையில் 6 பெட்டி, பெட்டிக்கு 48 படி 288. இங்கே கிடைச்சது 276. பன்னிரண்டு குறைவு. ஒரு பெட்டியின் ரேப் வெட்டித் திரும்ப ஒட்டியிருந்தது. கிளிநொச்சி பில்லைப் பார்த்தால், லொறி ஏற்ற முதல் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு டசின் சில்லறையாக வித்திருக்கு. வழியில் ஒண்டும் தொலையேல்லை, லொறித் தம்பியைக் கேட்க வேண்டாம். வித்த 12ஐ அனுப்பினதிலும் சேர்த்துக் கழிச்சதால்தான் அங்கே இருப்பு -12 காட்டுது. அனுப்பினதை 276 எண்டு திருத்தினால் பூச்சியத்துக்கு வரும். உடைச்ச பெட்டியை இனி முழுப்பெட்டியாய் எழுதாதேங்கோ.

பிஸ்கட் அனுப்பினது மாரி 24, கிறீம் கிறேக்கர் 24. வந்தது மாரி 22, கிறேக்கர் 26. மொத்தம் 48 சரிதானே எண்டு விட ஏலாது, விலை வேற. மாரி -2, கிறேக்கர் +2 எண்டு தனித்தனியாய் எழுதுங்கோ. கிளிநொச்சி ஆக்கள் தட்டில் மாரி இரண்டு கூட நிக்குதா, கிறேக்கர் இரண்டு குறையுதா எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. நிண்டால் மாறி ஏத்தினதுதான்.

இரண்டு கடையும் கையெழுத்து வைச்ச சிட்டையின் படத்தை இண்டைக்குக் கடை பூட்ட முதல் இங்கே போடுங்கோ.