அந்த ஒரு வரியை நீக்குங்கள்: ஓர் ஆய்வக நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வக நிர்வாகத்தினருக்கும் கணினிப் பிரிவினருக்கும் வணக்கம்.

ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டும் உங்கள் இணையப் பக்கம் பற்றி நான் எழுதிய மின்னஞ்சல்கள் உங்களிடமே இருக்கின்றன; அங்குள்ள விளம்பரத்தைத் தொட்டால் பக்கத்தின் முழு இணைய முகவரியும் விளம்பரதாரரின் தளத்துக்குப் போய்விடுகிறது என்பதுதான் புகார், முன்கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. "ரெஃபரர் கொள்கை எங்கள் சர்வரில் சரியாக அமைக்கப்பட்டுள்ளது, சோதித்துவிட்டோம்" என்று கடைசியாகப் பதில் அனுப்பியிருந்தீர்கள். அந்த முகவரியில் எவ்வளவு பகுதி வெளித்தளங்களுக்குப் போகலாம் என்று பிரவுசருக்குச் சொல்வதுதான் அந்தக் கொள்கை. சோதித்தீர்கள் என்பதை நம்புகிறேன். சோதித்த இடம்தான் தவறு. அதைப் புரியவைக்க மின்னஞ்சலால் முடியவில்லை என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு மூன்று மாத சர்க்கரை அளவுப் பரிசோதனை. முடிவுக்கான இணைப்பு குறுஞ்செய்தியில் வந்தது. திறந்தார், பார்த்தார். முடிவுக்குக் கீழேயே, சர்க்கரை நோயாளிகளுக்கும் காப்பீடு உண்டு என்று ஒரு விளம்பரம் இருந்தது. விசாரித்துத்தான் பார்ப்போமே என்று அதைத் தொட்டார். பெயரோ எண்ணோ எதையும் அவர் நிரப்பவில்லை. ஆனால் அந்த ஒரு தொடுதலிலேயே காப்பீட்டு விற்பனைத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது இது (இலக்கங்களையும் உங்கள் தளப் பெயரையும் மறைத்திருக்கிறேன்):

```
Referer: https://report.example/view?mob=98XXXXXXXX&age=46&test=HBA1C&key=7f3aXXXX
```

ஓர் இணைப்பைச் சொடுக்கும்போது, நாம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்பதை பிரவுசர் தானாகவே, கோரிக்கையோடு போகும் `Referer` என்ற இந்தத் தலைப்பு வரியில் எழுதி அனுப்புகிறது. முழு முகவரியும் போக அனுமதி இருந்தால், கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் சேர்ந்தே போகும். `#` குறிக்குப் பின்னால் வரும் பகுதி போகாது. நீங்களோ கைப்பேசி எண், வயது, பரிசோதனையின் பெயர் எல்லாவற்றையும் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறீர்கள்.

அவற்றையெல்லாம் விட மோசம் கடைசியில் இருக்கும் `key`. அந்த முகவரியை அப்படியே எடுத்து வேறொரு கணினியில் ஒட்டினேன். கடவுச்சொல் கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை. அக்காவின் முடிவு முழுதாகத் திறந்தது. அதாவது அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்ற ஐயம் மட்டுமல்ல, எத்தனை சதவீதம் என்ற விடையைத் திறக்கும் சாவியும் அந்த விற்பனைத் தளத்தின் சர்வர் பதிவேட்டில் கிடக்கிறது. மறுநாளிலிருந்து காப்பீட்டு முகவர்கள் அக்காவை அழைக்கத் தொடங்கினார்கள். அந்த அழைப்புகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை; அதனால் அப்படிக் குற்றம் சாட்டவில்லை. தொடர்பு இல்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது என்பதுதான் என் வருத்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரவுசர்காரர்கள் இந்தக் கதவை எப்போதோ சாத்திவிட்டார்கள். 2020இல் குரோம் 85ஆம் பதிப்பும், 2021இல் ஃபயர்ஃபாக்ஸ் 87ஆம் பதிப்பும் `strict-origin-when-cross-origin` என்பதை இயல்புக் கொள்கையாக ஆக்கின. தளம் எதுவும் சொல்லாவிட்டால், வேறொரு தளத்துக்குப் போகும்போது பிரவுசர் இவ்வளவுதான் சொல்லும்:

```
Referer: https://report.example/
```

நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் அக்காவின் முடிவுப் பக்கத்தின் முழு முகவரி வெளியே போயிருக்காது. மெனக்கெட்டுத் திறந்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் சர்வர் அனுப்பும் `Referrer-Policy` தலைப்பு சரியாகத்தான் இருக்கிறது. `curl -I` கொடுத்துப் பார்த்தால் அது தெரியும். உங்கள் ஆட்கள் பார்த்ததும் அதைத்தான். ஆனால் முடிவுப் பக்கத்தின் வார்ப்புருவில் இந்த வரியும் இருக்கிறது:

```
<meta name="referrer" content="always">
```

தலைப்பில் வந்த கொள்கையை, பக்கத்துக்குள் பின்னால் வரும் இந்த வரி மாற்றிவிடுகிறது. `always` என்பது பழைய மதிப்பு. இன்றைய பிரவுசர்கள் அதை `unsafe-url` என்றே எடுத்துக்கொள்கின்றன: எந்தத் தளத்துக்குப் போனாலும் முழு முகவரியையும் கொடு என்று பொருள். `unsafe-url` என்று நிரலில் தேடினால் இது அகப்படாது; `curl -I` தலைப்புகளை மட்டுமே காட்டும் என்பதால் அதிலும் அகப்படாது. உண்மையை அறிய ஒரே வழி, வெளியே போகும் கோரிக்கையைப் பார்ப்பது. குரோமில் `F12` அழுத்தி, `Network` பகுதியில் `Preserve log` என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு விளம்பரத்தைச் சொடுக்குங்கள். புதிய தளத்துக்குப் போன முதல் கோரிக்கையின் `Request Headers` பகுதியில் `Referer` இருக்கும். ஃபயர்ஃபாக்ஸின் தனிப்பட்ட சாளரத்தில் மட்டும் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். இப்படிப்பட்ட தளர்ந்த கொள்கைகளை வெளித்தளங்களுக்குப் போகும்போது அது பொருட்படுத்தாது. அக்கா வைத்திருப்பது போனோடு வந்த குரோம்.

அந்த வரியை நீக்குங்கள். இதுதான் என் முதல் கோரிக்கை.

அந்த வரி ஏன் வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. ஆள் எங்கிருந்து வந்தார் என்று விளம்பரம் கொடுத்தவர் கேட்டிருப்பார். அதற்குத் தளத்தின் பெயர் போதுமே. அந்த ஓர் இணைப்பில் மட்டும் `referrerpolicy="origin"` என்று போட்டால் கணக்கும் கிடைக்கும், முகவரியும் வெளியே போகாது. என்னைக் கேட்டால் முடிவுப் பக்கத்துக்கு `no-referrer` தான் பொருத்தம். ஒருவர் ஆய்வக முடிவைப் பார்த்துவிட்டு வருகிறார் என்பதே காப்பீடு விற்பவருக்குத் தெரிய வேண்டாத செய்தி. முடிவுப் பக்கத்தில் விளம்பரமே எதற்கு என்று கேட்டால் வம்புக்கு இழுப்பதாகச் சொல்வீர்கள்.

கேட்கத்தான் தோன்றுகிறது. உங்கள் முகப்பில் வாகனம் நிறுத்தும் வசதிக்கு மதிப்பெண் கொடுக்க ஓடிபி வேண்டும். ரத்த முடிவைத் திறக்க வேண்டாம். காகிதத்தில் முடிவு வாங்கினால் உறையில் போட்டு நான்கு பக்கமும் பின் அடித்துத் தருகிறீர்கள். அதையே கைப்பேசியில் அனுப்பும்போது உறையின் மேலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறீர்கள். "உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம்" என்ற பட்டை மட்டும் எல்லாப் பக்கத்திலும் தவறாமல் ஒளிர்கிறது.

இது புதிய பாடமும் அல்ல. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.காவ், மக்களின் வயது, வருமானம், புகைப்பழக்கம், கர்ப்பமா இல்லையா என்பது வரை முகவரியில் வைத்து விளம்பர நிறுவனங்களுக்குக் கசியவிட்டதை 2015 ஜனவரியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது; இணைய உரிமைகளுக்கான எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் தானும் சோதித்து அதை உறுதிசெய்தது. அங்கே யாரும் விளம்பரத்தைச் சொடுக்கக்கூட இல்லை. பக்கத்தில் செருகியிருந்த வெளியார் படங்களையும் நிரல்களையும் பிரவுசர் கேட்டு வாங்கும்போதே இதே தலைப்பு போய்விட்டது.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கொள்கையைத் திருத்துவதோடு வேலை முடிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்துக்குள் ஓடும் வெளியார் நிரல் `location.href` என்று கேட்டாலே முழு முகவரியும் கிடைத்துவிடும்; அதை ரெஃபரர் கொள்கை தடுக்காது. ஆகவே சாவி முகவரியில் இருக்கவே கூடாது. குறுஞ்செய்தி இணைப்பைத் திறந்ததும் ஓடிபி கேளுங்கள். சரிபார்த்த பிறகு, கேள்விக்குறிக்குப் பின்னால் எதுவும் இல்லாத `/view` என்ற முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். யாருடைய முடிவு என்பதை குக்கியிலிருந்து உங்கள் சர்வரே அறிந்துகொள்ளட்டும். இதுவரை அனுப்பிய இணைப்புகளின் சாவிகளையும் செல்லாதவை ஆக்குங்கள். அடுத்தவர் பதிவேட்டுக்குள் போய்விட்டவற்றைப் பயனற்றவை ஆக்க இனி வேறு வழியில்லை.

இந்த மூன்றில் முதலாவதற்கு எந்தக் குழுக் கூட்டமும் தேவையில்லை. தயவுசெய்து அந்த வரியை இன்றே நீக்குங்கள். மற்ற இரண்டும் எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதில் அனுப்பும்போது `curl` முடிவு வேண்டாம். விளம்பரத்தைச் சொடுக்கியபின் `Referer` என்ன காட்டுகிறது என்பதன் படத்தை இணையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தம்பி