இரவு பஸ் நிறுவன முகாமைத்துவத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமைத்துவத்தினருக்கு,

வணக்கம். கடந்த வெள்ளிக்கிழமை உங்கள் யாழ்ப்பாணம்–கொழும்பு பஸ்களில் ஒரே ஆசனம் இருவருக்கு விற்கப்பட்ட கதையை நான் விளக்கத் தேவையில்லை. மறுநாள் வருத்தமும் தெரிவித்தீர்கள். ஆனால் அன்று மாலையே உங்கள் முகநூல் பக்கத்தில் எழுதப்பட்டவை கடமையில் இருந்த முகாமையாளரின் காதுக்கு ஏன் எட்டவில்லை?

முதல் முறைப்பாடு மாலை 5.30க்கு வந்தது. 6.30க்குள் 11 பேர் எழுதிவிட்டார்கள். எல்லாருக்கும் தானாகப் போன பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றி." கடைசி பஸ் புறப்பட்டது 8.30க்கு. மகரகம கிளினிக்குக்குப் போன ஒரு அம்மா, மடியில் ஸ்கேன் உறையோடு, நடைவழியில் போட்ட பிளாஸ்டிக் முக்காலியில் இருந்தபடியே கொழும்பு போய்ச் சேர்ந்தார். அவருடைய மகள் எழுதிய முறைப்பாட்டுக்கும் அதே நன்றிதான்.

பக்கங்களைக் கண்காணிப்பதே என் தொழில் என்பதால் சொல்கிறேன். வெள்ளி மாலை 6 மணிக்கு வரும் முறைப்பாடுகளை முந்தைய வெள்ளிகளில் அதே நேரத்தில் வந்தவற்றோடு ஒப்பிட வேண்டும். வழமையாக ஒன்றிரண்டு முறைப்பாடு வரும் நேரத்தில் வெவ்வேறு ஆட்கள் 5 பேர் குறை சொன்னாலே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். ஒருவரே பத்துத் தடவை எழுதினால் அது ஒருவரின் கோபம்தான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் உங்கள் பெயர் எப்படியும் கூடுதலாக அடிபடும். ஆகவே மொத்தத்தைப் பார்த்துப் பயன் இல்லை, அதில் குறைகூறும் பங்கு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் எண்ணும் மென்பொருளை முழுதாக நம்பவும் முடியாது. "அருமையான சேவை, ஒரு சீட்டில் இரண்டு பேர்" என்று அன்று ஒருவர் எழுதினார். சொற்களை மட்டும் எண்ணும் கருவி அதைப் பாராட்டுக் கணக்கில் சேர்த்துவிடும். ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழும் பல கருவிகளுக்குப் பிடிபடுவதில்லை. அதனால் மணி அடித்ததும் ஒரு மனிதர் நாலு பதிவுகளை வாசித்துவிட்டு உரியவரை அழைக்க வேண்டும். ஆசனக் குழப்பம் என்றால் விற்பனையை நிறுத்தும் அதிகாரம் உள்ளவரை. சாரதியின் வேகம் என்றால் போக்குவரத்துப் பொறுப்பாளரை. விளம்பரப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டால் அது திங்கட்கிழமைதான் திறக்கப்படும். பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு அழைப்பு போக வேண்டும். ஒரே கோளாறுக்கு ஒரு மணியே போதும், பதினொரு தடவை அடித்தால் தொலைபேசியை அணைத்துவிடுவார்கள்.

புதிய பஸ்ஸின் ஊதா விளக்குப் படத்துக்கு எத்தனை லைக் விழுந்தது என்பது மட்டும் உங்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது! மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. மாலை நேரத்தில் முறைப்பாடு திடீரென ஏறினால் யாருடைய தொலைபேசி ஒலிக்கும், அவர் எடுக்காவிட்டால் அடுத்தது யாருடையது என்பதைத் தீர்மானித்து, வரும் நீண்ட விடுமுறைக்கு முன் உங்கள் பக்கத்திலேயே அறிவிக்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருவர்,
யாழ்ப்பாணம்