பேராசிரியருக்கு அனுப்பும் முன்

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய வரைவை இரண்டு முறை படித்தேன். கோடைப் பயிற்சிக்கு இடம் கேட்டு, ஜெர்மனியில் உள்ள பேராசிரியருக்கு என்று எழுதியிருக்கிறாய். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் அதே மடல் ஜப்பானுக்கும் போகும், கனடாவுக்கும் போகும். 540 சொல் இருக்கிறது. அதில் அவருக்கு வேண்டியது நான்காம் பத்தியின் நடுவே ஒளிந்திருக்கும் இரண்டு வரிதான்: நீரைச் சுத்திகரிக்கும் சவ்வுக் கலத்தை 72 மணி நேரம் ஓட்டினேன், நீர்வரத்து இவ்வளவு குறைந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிகள். அவர் அங்கே வந்து சேரும் முன்பே மடலை மூடிவிடுவார்.

"சிறு வயது முதலே நீர் ஆராய்ச்சியில் ஆர்வம்", "உங்கள் புகழ்பெற்ற ஆய்வுக்கூடம்" என்பதெல்லாம் வேண்டாம் கண்ணு. அவை பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு வரும் எல்லா மடலிலும் அதே வரிகள் இருப்பதால் உன்னைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. மடலில் இருக்க வேண்டியவை மூன்று: அவருடைய ஒரு கட்டுரையை நீ உண்மையாகப் படித்ததற்கு அடையாளம், அதை ஒட்டி நீ கையால் செய்த ஒரு வேலை, அவர் ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. உன் வரைவிலிருந்தே எடுத்து இப்படிச் சுருக்கிப் பார்த்தேன். நீ ஆங்கிலத்தில்தான் அனுப்புவாய். அளவு தெரியட்டும் என்று தமிழில் தருகிறேன்.

> சிங்கப்பூரில் வேதிப்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆர்.ஓ. சவ்வில் வளரும் உயிர்ப்படலம் பற்றிய உங்கள் 2023 கட்டுரையில், அழுத்தத்தை மாறாமல் வைத்து, படலத்தின் தடிமனை ஓ.சி.டி. கருவியால் அளந்திருக்கிறீர்கள். அதே மாதிரியான கலத்தில் 72 மணி நேரச் சோதனையை ஆறு முறை ஓட்டினேன். நீர்வரத்து சராசரியாக 28 விழுக்காடு குறைந்தது. ஆனால் சோதனை முடிந்து சவ்வை வெளியே எடுத்த பிறகுதான் படலத்தைப் பார்க்க முடிந்தது. சராசரித் தடிமனைக் கணக்கிடும்போது ஸ்பேசர் இழையை ஒட்டிய பகுதியையும் சேர்த்தீர்களா?
>
> 2026 மே 11 முதல் ஜூலை 31 வரை, 12 வாரம், உங்கள் குழுவில் பயிற்சி மாணவியாகச் சேர இடம் உண்டா? படங்களைப் பகுக்க பைத்தானில் எழுதத் தெரியும். பயணச் செலவுக்கு என் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்திருக்கிறேன். முடிவு பிப்ரவரியில் தெரியும்.

அவ்வளவுதான். கைப்பேசித் திரையில் ஒரு தடவை தள்ளினால் முடிந்துவிடும்.

சவ்வின் மேல் நீர் ஓட இடம்விடும் அந்த ஸ்பேசர் வலையைப் பற்றிய கேள்விதான் இந்த மடலின் உயிர். படலம் பெரும்பாலும் ஸ்பேசர் இழையைச் சுற்றித்தான் முதலில் பிடிக்கும். அந்தப் பகுதியைச் சேர்த்தால் ஒரு சராசரி, விட்டால் வேறு சராசரி. கலத்தை ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். அது அவருக்கும் புரியும். ஆனால் ஒரு எச்சரிக்கை. கட்டுரையின் செய்முறைப் பகுதியையும் அதோடு வரும் துணைக் கோப்பையும் முழுக்கப் படித்துவிட்டுக் கேள். பதில் அங்கேயே இருந்தால், நீ சுருக்கத்தை மட்டும் படித்தவள் என்று அந்தக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும். அப்படி இருந்தால் கேள்வியை மாற்று, மடலை அனுப்பிவிடாதே.

தேதிகளை அப்படியே எழுது. "கோடை விடுமுறையில்" என்றால் ஜெர்மனியில் ஆகஸ்ட், செப்டம்பர் என்று எடுத்துக்கொள்வார்கள். உனக்கோ ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிவிடும். அந்த 12 வாரத்துக்கு மொத்தம் 82 நாள். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு அங்கே 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்று நீ எழுதியிருந்தாய். அது தங்குவதற்கு. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யத் தனி அனுமதி தேவைப்படலாம். அதை அந்தப் பல்கலைக்கழக அலுவலகம்தான் சொல்ல வேண்டும், அதற்கும் மாதங்கள் ஆகலாம். அதனால்தான் இந்த நவம்பரிலேயே அனுப்பச் சொல்கிறேன்.

மதிப்பெண்ணை "ஜி.பி.ஏ. 4.4" என்று மட்டும் போட்டிருக்கிறாய். ஜெர்மனியில் 1.0 தான் முதல் தரம்; 4.0 தேர்ச்சியின் விளிம்பு, 5.0 என்றால் தோல்வி. வெறும் 4.4 அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துப் பார். `4.4/5.0` என்று எழுதி, பக்கத்தில் 5.0 தான் உச்சம் என்றும் சேர்த்துவிடு.

உன் பெயரையும் கவனி. அடையாள அட்டையில் உள்ளபடி `d/o` போட்டு மடலில் கையெழுத்திட்டால், எது உன் பெயர், எது குடும்பப் பெயர் என்று அவருக்குத் தெரியாது. அப்பாவின் பெயரைச் சொல்லி உன்னை அழைத்துப் பதில் வரும். முழுப் பெயர் தன்விவரத்தில் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கட்டும். மடலின் கீழே உன்னை எப்படி அழைக்க வேண்டுமோ அந்த ஒரு பெயரைப் போடு. அவரை அழைக்கும்போது "மதிப்பிற்குரிய ஐயா" வேண்டாம், பேராசிரியர் என்றும் குடும்பப் பெயரும் போதும்.

வரைவில் அவர் பெயரும் கட்டுரைத் தலைப்பும் வேறு எழுத்துருவில், கொஞ்சம் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியிருக்கிறாய். பத்துப் பேருக்கு ஒரே மடலை அனுப்பியவர் என்று அந்த நிறமே சொல்லிவிடும். வடிவம் இல்லாமல் ஒட்டு, இல்லாவிட்டால் கையால் தட்டு.

அனுப்பும் முன் அவர் குழுவின் பக்கத்தில் சேர்க்கை பற்றிய பகுதியைத் தேடிப் பார். சில குழுக்கள் மடலின் தலைப்பில் இன்ன சொல் இருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கும். அது இல்லாத மடலைத் திறப்பதே இல்லை. அப்படி எதுவும் இல்லையென்றால், தலைப்பில் பயிற்சி, உயிர்ப்படலம், மே–ஜூலை 2026 என்ற மூன்றும் இருக்கட்டும்.

இணைப்பு ஒன்றே போதும். இரண்டு பக்கத் தன்விவரமும் மதிப்பெண் பட்டியலும் ஒரே பி.டி.எஃப். ஆக, கோப்பின் பெயரில் உன் பெயரோடு. அனுமதி கேட்கும் டிரைவ் இணைப்பை யாரும் இரண்டாம் முறை திறக்க மாட்டார்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்தே அனுப்பு.

அக்டோபர் கடைசி ஞாயிறோடு அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது நமக்கும் அவர்களுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். செவ்வாய்க்கிழமை இங்கே மாலை 4 மணிக்கு அனுப்பினால் அங்கே காலை 9. இரண்டு வாரம் பொறு. பதில் இல்லையென்றால் அதே மடலுக்குப் பதிலாக இரண்டு வரி எழுது, புதிதாகத் தொடங்காதே. அதற்கும் பதில் வராவிட்டால் அந்தக் குழுவில் இடமில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு எழுது. அதே துறையில் மூன்று பேருக்கு ஒரே நாளில் மட்டும் அனுப்பாதே. பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பவர்கள், மதியச் சாப்பாட்டில் பேசிக்கொள்வார்கள்.

துணைக் கோப்பைப் படித்து முடித்ததும் திருத்திய மடலை எனக்கு அனுப்பு. சனிக்கிழமை நீ விடுதியிலிருந்து வீட்டுக்கு வரும்போது உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா