வேறு வேலையை ஏற்ற பிறகு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது பற்றி

அன்புத் தோழிக்கு,

உன் மின்னஞ்சல் நேற்று இரவு வந்தது. வேலை கிடைத்துவிட்டது என்ற வரியை வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். எத்தனை மாதமாக இதற்காக அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லாரும் நலம். பெரியவள் படிப்பை முடித்துவிட்டாள், இப்போது அவளும் நேர்காணல்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து, காலையில் கொஞ்சம் நடக்கிறார். நான் அதே ஆளெடுக்கும் பிரிவில்தான் இருக்கிறேன். அதனால் நீ கேட்டதற்கு மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்ல முடியும்.

திங்கட்கிழமை ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாய். இன்னொரு நிறுவனத்தில் இரண்டு சுற்று முடிந்து, வியாழக்கிழமை மூன்றாவது சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த இடமும் பிடித்திருக்கிறது, பின்னால் ஒருநாள் அங்கே போய் நிற்க முகம் வேண்டுமே, எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்தவரை, எவ்வளவு இனிமையாக எழுதுகிறாய் என்பது இரண்டாம் பட்சம்தான். எப்போது சொல்கிறாய், எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாய் என்பதைத்தான் அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். மூன்றாவது சுற்று வரைக்கும் ஒருவர் வந்துவிட்டால், அவரோடு பெரும்பாலும் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை அடுத்த இடத்தில் வைத்து, ‘முடிவு சொல்ல இன்னும் சில நாள் ஆகும்’ என்று நாங்கள் இழுத்துக்கொண்டிருப்போம். முதல் ஆள் இன்று விலகினால், இன்று மதியமே அந்த இரண்டாம் ஆளைக் கூப்பிட்டுப் பேச முடியும். ஒரு வாரம் கழித்து விலகினால், அதற்குள் அவரும் வேறெங்காவது சேர்ந்திருப்பார். அதைவிடச் சங்கடம், ‘இம்முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை’ என்று அவருக்குக் கடிதம் போன பிறகு முதல் ஆள் விலகுவது. திரும்பிப் போய் அவரைக் கூப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாற்காலியில் இருந்தால்தான் தெரியும். அதனால் முன்கூட்டியே சொல்லி விலகியவர்மேல் எங்களுக்கு வருத்தமே வராது. நேர்காணல் நாளன்று போனை எடுக்காமல் இருந்தவரின் பெயரைத்தான் மறக்க மாட்டோம்.

அதற்காக அவசரப்படவும் கூடாது. முதலில் உன் ஆஃபர் லெட்டரை எடுத்து, எந்த நிபந்தனையின் பேரில் வேலை தருகிறார்கள் என்று ஒருமுறை படி. பின்னணிச் சரிபார்ப்பு மட்டும்தான் பாக்கி, நீ கொடுத்த தேதிகளும் சான்றிதழ்களும் சரியானவை என்றால், கையெழுத்தானதே போதும், இன்றே விலகலாம். ஆனால் ‘மேலிட ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்றோ, ‘வாடிக்கையாளர் சம்மதித்த பிறகு’ என்றோ, உன் கையில் இல்லாத ஒன்று அதில் எழுதியிருந்தால் விலகாதே. அந்தச் சூழலில் இன்னொரு இடத்துக்கு எழுத வேண்டியது வேறு: ‘வேறொரு நிறுவனத்தில் இறுதிக் கட்டத்தில் இருக்கிறேன், வியாழக்கிழமை நேர்காணலை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா?’ இது உண்மை, இதைக் கேட்பதில் தவறும் இல்லை. வாய்மொழியாக ‘உங்களை எடுத்துவிட்டோம்’ என்று சொன்னதை நம்பி மற்ற எல்லா இடத்திலிருந்தும் விலகி, கடைசியில் கடிதமே வராமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உன் விஷயத்தில் சரிபார்ப்பு மட்டும்தான் பாக்கி என்று எழுதியிருக்கிறாய். எனவே இன்றைக்கே சொல்லிவிடு. எதற்கும் இருக்கட்டும் என்று வியாழக்கிழமை போய் உட்கார்ந்துவிட்டு வராதே. உனக்காக மூன்று மூத்தவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். மறுநாள் நீ விலகினால், நேற்றே முடிவெடுத்துவிட்டுத்தான் வந்தாள் என்பது அவர்களுக்குப் புரியாமல் போகாது.

யாரிடம் முதலில் சொல்வது என்பதையும் யோசி. உன் பெயரை அங்கே பரிந்துரைத்தவர் உன் பழைய அலுவலக நண்பர்தானே? அவரிடம் முதலில் சொல். அவருடைய மேலாளர் நடைக்கூடத்தில் நிறுத்தி, ‘நீங்கள் அனுப்பிய பெண் விலகிவிட்டாரே’ என்று கேட்கும்போதுதான் அவருக்கு விஷயம் தெரியவந்தால், அடுத்த முறை அவர் யாரையும் பரிந்துரைக்கத் தயங்குவார். கன்சல்டன்சி வழியாகப் போயிருந்தால் அவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், உன் விஷயத்தில் அது இல்லை. அடுத்து, உன்னோடு தொடர்பில் இருக்கும் எச்ஆர் பெண்ணுக்குப் போன் செய். ஆரம்பச் சுற்றிலேயே விலகினால் மின்னஞ்சல் மட்டும் போதும், இரண்டு சுற்று உட்கார்ந்து பேசிய பிறகு இரண்டு நிமிடமாவது குரலில் சொல்வதுதான் மரியாதை. எடுக்கவில்லையென்றால் காத்திருக்காமல் மின்னஞ்சலை அனுப்பிவிடு. நேர்காணலுக்கு நேரம் குறித்து அவர் அனுப்பினாரே, அந்த மின்னஞ்சலுக்கே, ‘எல்லாருக்கும் பதில்’ என்பதைத் தேர்ந்தெடுத்து எழுது. அப்போது அதில் இருக்கும் மேலாளருக்கும் சேர்ந்து போகும்.

நீ அனுப்பிய வரைவைப் படித்தேன். நல்ல மனதோடு எழுதியிருக்கிறாய், ஆனால் முடிவு நான்காவது பத்தியில்தான் வருகிறது, அதுவும் ‘தற்போதைய சூழ்நிலையில் தொடர்வது சற்றுக் கடினமாக இருக்கலாம்’ என்று. இதைப் படிக்கும் எச்ஆர், ‘தேதியை மாற்றித் தரலாமா?’ என்றுதான் கேட்பார். சம்பளம் போதவில்லை, பேரம் பேசுகிறாள் என்றும் நினைக்கக்கூடும். மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய், ஒன்றுகூடத் தேவையில்லை. நீ யாருக்கும் வாக்குக் கொடுத்து மீறவில்லை, விண்ணப்பித்திருந்தாய், அவ்வளவுதான். சேரப்போகும் நிறுவனத்தின் பெயரையும் எடுத்துவிடு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘பொருள்: இருப்புத் திட்டமிடல் மேலாளர் பணி – விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்

வணக்கம். மேற்கண்ட பணிக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற விரும்புகிறேன். வேறொரு நிறுவனத்தின் வாய்ப்பை ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டேன். எனவே வியாழக்கிழமை நடக்கவிருந்த நேர்காணலையும் ரத்து செய்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு சுற்றுகளிலும் நீங்கள் ஒதுக்கிய நேரத்துக்கு நன்றி. விற்காமல் தேங்கும் சரக்கை ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதை உங்கள் குழு எப்படி முடிவு செய்கிறது என்று மேலாளர் விளக்கியது எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. தேவையை முன்கணிக்கும் பணிகளில் பின்னாளில் வாய்ப்பு வந்தால், உங்களோடு மீண்டும் பேச விரும்புவேன். என் விவரங்களை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.’

இவ்வளவுதான். முதல் வரியிலேயே முடிவு வந்துவிடுகிறது. காரணம் ஒரே வரி, அதில் கேள்வி கேட்க இடமில்லை. நன்றி சொல்லும்போது நீ அங்கே உண்மையாகக் கேட்ட ஒன்றைச் சொல்கிறாய். அந்தக் கிடங்கு விஷயத்தைப் பற்றி எனக்கே அரைப் பக்கம் எழுதியிருந்தாயே, அதனால்தான் அதைச் சேர்த்தேன். எங்களுக்கு வரும் கடிதங்களில் ‘உங்கள் மதிப்புமிக்க நிறுவனம்’ என்று இருந்தால் கண் தானாகத் தாண்டிப் போய்விடும். இப்படி ஒரு குறிப்பான வரி இருந்தால் அதை மேலாளருக்கு அனுப்பி வைப்போம். கடைசியில் எந்த மாதிரி வேலை என்றும் சொல்லிவிட்டாய். ‘எதிர்காலத்தில் எந்த வாய்ப்பு இருந்தாலும் தெரிவியுங்கள்’ என்று பொதுவாக எழுதினால், ஆறு மாதம் கழித்து ஒரு பணியிடம் வரும்போது உன் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. அந்த வேலையில் மனதார விருப்பம் இல்லையென்றால் அந்த வரியையே விட்டுவிடு. நன்றி மட்டும் சொல்லி நிறுத்துவது கண்ணியமானதுதான்.

மின்னஞ்சல் போன பிறகுதான் அவர்களுடைய இணையதளத்தில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்த வேண்டும். அதை மட்டும் அழுத்திவிட்டு விட்டால், திரையில் ஒரு நிலை மாறுமே தவிர, யார் எப்போது பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. அங்கே ஒரு கவனம் வேண்டும்: அந்த ஒரு பணிக்கான விண்ணப்பத்தை மட்டும் திரும்பப் பெறு, உன் கணக்கையே அழித்துவிடாதே. புதுப் பணியிடம் வரும்போது பழைய விண்ணப்பதாரர்களின் பட்டியலில்தான் நாங்கள் முதலில் தேடுவோம். கணக்கு இல்லையென்றால் அந்தத் தேடலில் நீ வர மாட்டாய்.

அவர்கள் திரும்பக் கூப்பிடவும் கூடும். ‘அங்கே எவ்வளவு தருகிறார்கள்? நாங்கள் கூட்டித் தந்தால் வருவீர்களா?’ என்று கேட்பார்கள். இந்த இடத்தில்தான் நல்லவர்களும் தடுமாறுகிறார்கள். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னாலும், கையெழுத்துப் போட்ட பிறகும் விலை பேசுபவள் என்ற எண்ணம் விழுந்துவிடும். பிறகு அங்கேயே போய்ச் சேர்ந்தாலும் அந்த எண்ணம் கூடவே வரும். ‘கையெழுத்துப் போட்டுவிட்டேன், அதிலிருந்து மாறுவதாக இல்லை. நீங்கள் கேட்டதற்கு நன்றி’ என்று சொல். சம்பளத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. எங்கள் பக்கம் ஏதாவது குறையா என்று கேட்டால், உண்மையான ஒன்று இருந்தால் மென்மையாகச் சொல். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையே ஒரு மாதம் பேச்சே இல்லை என்று எழுதியிருந்தாயே, அதைச் சொல்லலாம். அது அவர்களுக்கு உதவும்.

புது வேலையில் உட்கார்ந்து சில மாதம் ஆன பிறகு, அந்த மேலாளருக்கு லிங்க்ட்இன்னில் ஓர் அழைப்பு அனுப்பு. நீ விலகும் அதே நாளில் அனுப்பாதே, சம்பிரதாயமாகத் தெரியும். அந்தப் பணிக்குப் பொருத்தமான யாரையாவது உனக்குத் தெரிந்தால், அவரைக் கேட்டுக்கொண்டு, இன்றைய போனிலேயே எச்ஆரிடம் பெயரைச் சொல்லலாம். உன்னை இழந்த இடத்தில் ஓர் ஆளைக் காட்டிவிட்டுப் போனாய் என்றால் அது நெடுநாள் நிற்கும். என் பட்டியலில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். வாய்ப்பு வரும்போதெல்லாம் அவர்களைத்தான் முதலில் கூப்பிடுகிறேன்.

மத்தியானத்துக்குள் போனை முடித்துவிடு. எச்ஆர் என்ன சொன்னார், அந்த நண்பர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று இரவு எழுது. புது வேலையில் என்றைக்குச் சேர வேண்டும் என்பதையும் நீ சொல்லவே இல்லை.

அன்புடன்,
உன் தோழி