அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவிலும் ஓவிய, கட்டுரைப் போட்டிகளிலும் பிள்ளைகள் சிறப்பாகப் பங்கேற்றார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

அந்தப் போட்டிகளின் சான்றிதழ்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வேலைக்காக திருப்பூர், கோவைப் பக்கம் குடிபோன குடும்பங்கள் விலாசம் எழுதி, தபால் தலை ஒட்டிய கவர்களை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 11×5 அங்குல நீளக் கவர்கள். ஏ4 தாளை மூன்றாக மடித்தால் 21 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் வரும். கடிதத்துக்கும் ஜெராக்ஸ் பிரதிக்கும் அந்தக் கவர் போதும். சான்றிதழுக்குப் போதாது.

எங்கள் சான்றிதழ் தடித்த அட்டையில், படுக்கை வாட்டத்தில் அச்சானது. மூன்றாக மடித்தால் இரண்டு கோடுகள் மேலிருந்து கீழாக, பிள்ளையின் பெயரை வெட்டிக்கொண்டு போகும். லேசர் பிரிண்டரின் மை தாளுக்குள் ஊறுவதில்லை, மேலே படிந்துதான் நிற்கும். அட்டை மடிந்த இடத்தில் அது உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும். அப்புறம் எத்தனை நாள் புத்தகத்துக்கு அடியில் வைத்தாலும் அந்தக் கோடு போகாது. 10×7 கவரில் பாதியாக மடித்து வைத்தால் ஒரே கோடுதான், ஆனால் அது நட்டநடுவில் விழும்.

சரி, மடிக்காமல் அனுப்ப எந்தக் கவர்? ஏ4 தாள் 21×29.7 சென்டிமீட்டர். 10×12 அங்குலக் கவரின் நீளம் 30.5 சென்டிமீட்டர். வெறும் தாள் அதில் தட்டையாகப் போகும், ஆனால் எட்டு மில்லிமீட்டர்தான் இடைவெளி. நம் கோத்தகிரி மழைக்கும் பனிமூட்டத்துக்கும் சான்றிதழை பிளாஸ்டிக் போல்டரில் வைத்தாக வேண்டும். போல்டரோ தாளைவிட நீளமானது. 10×12இல் திணித்தால் மூலைதான் முதலில் மடங்கும். அதனால் 10×14 அங்குல, உள்ளே துணி ஒட்டிய கவர் வாங்குங்கள்.

பெரிய கவர் மட்டும் போதாது. தபால் பையில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். "மடக்காதீர்" என்று எழுதினாலும் பை வளையும்போது கவரும் வளையும். அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டு அட்டைகளை, கவருக்குள் தளராமல் போகும் அளவுக்கு வெட்டுங்கள். ஒன்றில் உள்வரிகள் நீளவாக்கிலும் மற்றதில் குறுக்காகவும் இருக்கட்டும். ஒரே வாட்டத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்து அந்த வரியோடு மடங்கிவிடும். போல்டரை நடுவில் வைத்து, அதன் ஓரத்தை மட்டும் டேப்பால் அட்டையோடு ஒட்டுங்கள். சான்றிதழின் மேல் டேப்போ ஸ்டேப்ளரோ படவே கூடாது. மூடுமுன் கவரைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் போய்ச் சேருவதற்குள் மூலைகள் நசுங்கிவிடும். அட்டையோடு எடை 50 கிராமைத் தாண்டக்கூடும். தபால் நிலையத்தில் நிறுத்துப் பார்த்த பிறகே தலை ஒட்டுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கவரில் எந்தச் சான்றிதழையும் அலுவலகம் மடித்து வைக்காது. "பரவாயில்லை, மடித்தே அனுப்புங்கள்" என்று போனில் கேட்டாலும் செய்ய மாட்டோம். அது பிள்ளையின் சான்றிதழ். மேலே படிக்கப் போகும்போது அதை ஸ்கேன் செய்து காட்ட வேண்டியவர் அந்தப் பிள்ளைதான். ஏற்கெனவே கொடுத்த 11×5 கவர்கள் பத்திரமாக இருக்கின்றன, திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சான்றிதழ்கள் பீரோவில் தட்டையாகவே இருக்கின்றன, கவர் வரும்வரை அங்கேயே இருக்கும்.

மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் தபாலில் அனுப்ப மாட்டோம். நேரில் வந்து கையெழுத்திட்டு வாங்க வேண்டும். அன்றும் இதே கவரும் அட்டையும் கொண்டுவாருங்கள். சுருட்டிப் பைக்குள் செருகிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இறங்கினால், வீடு சேரும்போது அது சுருண்டேதான் நிற்கும்.

எஸ்டேட் வேலைக்கு நடுவில் கடைக்குப் போக முடியாதவர்கள் தயங்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள். கவர் சில வாங்கி வைத்திருக்கிறோம், விலையை மட்டும் கொடுத்தால் போதும். அட்டைக்கு நீங்கள் அலைய வேண்டாம். மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் நம் பெற்றோர் ஒருவர் காலிப் பெட்டிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தந்திருக்கிறார். அவருக்கும், அவற்றை அளவாக வெட்டித் தரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், ஒவ்வொரு முறையும் எங்களோடு ஒத்துழைக்கும் உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்