பள்ளிப் பிள்ளைகளின் பல் சொத்தைத் தடுப்புத் திட்டத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளி நாளும் காலை உணவு முடிந்ததும் ஆசிரியர் முன்னிலையில் ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்கும் ஏற்பாட்டை மூன்று ஆண்டுகளுக்கு நடத்தப் பள்ளி மேலாண்மைக் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்குத் தேவைப்படும் 70,000 ரூபாயைத் திரட்டவே, ஊர்ப் பெரியவர்களுக்கும் வெளியூரில் பணிபுரியும் முன்னாள் மாணவர்களுக்கும் இதை எழுதுகிறோம்.

ஃபுளோரைடு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாவட்டத்தில் எவருக்கும் ஐயம் எழுவது இயல்பு. இங்குள்ள பாறையில் இருந்து அது நிலத்தடி நீரில் கரைந்து, போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையையும், பல ஆண்டுகள் குடித்தவர்களின் மூட்டிலும் முதுகிலும் வலியையும் உண்டாக்கியிருப்பதை நாம் வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறோம். ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றே இந்தப் பாதிப்பைத் தடுப்பதுதான். தண்ணீரில் இருந்து விலக்க இவ்வளவு பாடுபட்ட ஒன்றைப் பிள்ளைகளின் வாயில் ஏன் வைக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டார். அந்தக் கேள்விக்கு முழுமையான விடை சொல்லாமல் யாரிடமும் பணம் கேட்பது முறையல்ல.

ஃபுளோரைடு செய்யும் நன்மையும் தீமையும் அதன் அளவையும், அது உடலில் எங்கே, எந்த வயதில் சேர்கிறது என்பதையும் பொறுத்தவை. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. இயற்கையாக ஃபுளோரைடு மிகக் குறைவாக உள்ள நாடுகளில் இதற்கு நேர்மாறான வேலை நடக்கிறது. அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் 1945இல் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்க்கத் தொடங்கி, உலகில் முதன்முதலாக அதைச் செய்த நகரமானது. அங்கு பிள்ளைகளின் சொத்தை வெகுவாகக் குறைந்தது. கனடாவின் கால்கரி நகரம் 2011இல் அவ்வாறு சேர்ப்பதை நிறுத்தியது; அடுத்த சில ஆண்டுகளில், நிறுத்தாத எட்மண்டன் நகரத்துப் பிள்ளைகளைக் காட்டிலும் கால்கரிப் பிள்ளைகளின் பாற்பற்களில் சொத்தை கூடியிருந்தது ஆய்வில் தெரிந்தது. நகர மக்கள் வாக்களித்து அதை மீண்டும் கொண்டுவந்தார்கள்.

இருந்தாலும் நம் ஊருக்கு அந்த வழி பொருந்தாது. ஒரே வீட்டில் குடிக்க ஒகேனக்கல் தண்ணீரும், அது வராத நாளில் சமைக்கவும் குடிக்கவும் போர் தண்ணீரும் புழங்கும் இடத்தில், ஒரு குழந்தையின் உடலில் எவ்வளவு ஃபுளோரைடு சேர்கிறது என்பதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. பற்பசையை அப்படி அளந்து கொடுக்க முடியும். மேலும், ஃபுளோரைடு உடலுக்குள் போய்ப் பல்லோடு சேர்ந்து வளர்வதால்தான் பாதுகாப்புத் தருகிறது என்று முன்பு கருதினார்கள். அது பெரும்பாலும் முளைத்த பல்லின் மேற்பரப்பில், எச்சிலில் இருந்தபடி வேலை செய்கிறது என்பது பிறகு தெளிவானது. ஃபுளோரைடு பற்பசை எங்கும் பரவிய காலத்தில், தண்ணீரில் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பயன் முன்பைவிடக் குறைந்திருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்வதற்கும் இதுவே காரணம்.

பல்லில் நடப்பது இதுதான். இனிப்போ மாவுப்பண்டமோ வாய்க்குள் போன சில நிமிடங்களில், பல்லின் மேல் படிந்திருக்கும் படலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மை ஓர் எல்லையைத் தாண்டியதும் எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன. எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்ததைத் திரும்பக் கொடுக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். அப்போது எச்சிலில் சிறிதளவு ஃபுளோரைடு இருந்தால், தாது விரைவாகத் திரும்பிப் படிகிறது. அப்படிப் படிந்த பகுதி அடுத்த அமிலத் தாக்குதலை முன்பைவிட நன்றாகத் தாங்குகிறது. கரைவது கூடி, திரும்பிப் படிவது குறைந்தால் முதலில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடு தோன்றும். பல்லைத் துணியால் துடைத்து உலரவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அது தெரியும். அந்த நிலை வரை மீட்க வழி உண்டு. குழி விழுந்த பிறகு எந்தப் பற்பசையும் அதை மூடாது.

எங்கள் கணக்கு பட்டாணி அளவுப் பசையில் இருந்து தொடங்குகிறது. அது ஏறத்தாழ கால் கிராம். பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு ஃபுளோரைடு கொண்ட பசையாக இருந்தால், அந்தக் கால் கிராமில் கால் மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் கொண்ட போர் தண்ணீரை ஒரு குழந்தை ஒரு லிட்டர் குடித்தால் சேர்வது, எட்டு நாள் பசையை முழுவதுமாக விழுங்கினால் சேரும் அளவு. பிள்ளைகளோ பசையைத் துப்பிவிடுகிறார்கள். பள்ளிக்கு வருபவர்கள் ஐந்து, ஆறு வயதைத் தொட்டவர்கள். வெளியே தெரியும் நிரந்தர முன்பற்களின் எனாமல் அதற்குள் பெரும்பாலும் உருவாகி முடிந்துவிடுவதால், அவற்றில் புதிதாகக் கறை ஏற்படும் காலம் கடந்துவிட்டது. அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களை இத்திட்டத்தில் சேர்க்கவில்லை.

பாட்டியின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. அது பொருந்த வேண்டிய இடம் போர் தண்ணீர். ஆகவே முதல் செலவு தண்ணீர்ப் பரிசோதனைக்கே. பள்ளியிலும் பிள்ளைகளின் வீடுகளிலும் புழங்கும் நீர் ஆதாரங்களின் மாதிரிகளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். ஃபுளோரைடு மிகுந்த நீர் தெளிவாகவே இருக்கும், சுவையிலும் காட்டாது. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடவே செய்யும். 1.5ஐத் தாண்டும் ஆதாரத்தைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தும் வீடுகளுக்கு அதை நேரில் சொல்லி, ஆற்று நீர் கிடைக்க ஊராட்சி வழியாக ஏற்பாடு செய்வது எங்கள் பொறுப்பு.

பல் துலக்கும் முறையையும் விளக்க வேண்டும், ஏனெனில் இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் இதில்தான் வழுக்குகின்றன. பசைக் குழாயைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பிரஷ் முழுவதும் பிதுக்கிக்கொள்வார்கள். அதனால் ஆசிரியர் ஒரு தட்டில் தனித்தனிப் பொட்டாக வைப்பார். குழாயின் வாய் எந்தப் பிரஷையும் தொடாது. பிரஷ் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, ஒன்றோடொன்று உரசாத துளைகள் உள்ள தாங்கியில் தலை மேலாக நிறுத்தி உலர வைப்போம். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடுவதும், ஒருவர் பிரஷ் இன்னொருவர் கைக்குப் போவதும் கூடாது. இரண்டு நிமிடம் துலக்கி நன்றாகத் துப்ப வேண்டும். அதன்பின் வாய் கொப்பளிக்கக் கூடாது, கொப்பளித்தால் பல்லில் நிற்க வேண்டிய ஃபுளோரைடு போய்விடும். இந்த ஒன்றைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குப் பழக்குவதே கடினம்.

ஆறு வயதையொட்டிப் பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. பெற்றோர் பலர் அதையும் பாற்பல் என்று எண்ணி, சொத்தையானாலும் விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய நிரந்தரப் பல். ஆழமான பள்ளங்கள் கொண்டது. முழுதாக வெளிவர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்து நிற்பதால், வழக்கமாக இழுக்கும் பிரஷ் அதைத் தொடாமலே போய்விடும். கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காகப் பிரஷை நுழைத்துத் துலக்க ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்றுக்கொடுப்போம். நாங்கள் மூன்று ஆண்டு கேட்பதும் இந்தப் பல்லை மனத்தில் வைத்துத்தான். இப்போது ஒன்றாம் வகுப்பில் இருப்பவர்களின் இந்தப் பற்கள், சொத்தைக்கு மிக எளிதில் ஆளாகும் தொடக்க ஆண்டுகளைக் கடந்துவிடும்.

சர்க்கரையைக் குறைக்காமல் பசை மட்டும் முழுப் பலன் தராது. ஒருவர் பெறும் ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு பத்து விழுக்காட்டுக்குள், இயன்றால் ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. நாளுக்கு 1,600 கலோரி பெறும் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து விழுக்காடு என்பது 20 கிராம், அதாவது நான்கைந்து தேக்கரண்டி. இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்ட தேநீர் இருவேளை குடித்தாலே அந்த அளவு வந்துவிடும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். பல்லுக்கு அவையும் சர்க்கரையே. அளவைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம். பள்ளி வாசல் கடையில் வாங்கிய மிட்டாயை ஒவ்வொன்றாக மாலை வரை சப்பும் பிள்ளையின் வாயில், எச்சில் அமிலத்தைத் தணித்து முடிக்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. இனிப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உணவோடு சேர்த்து ஒரு வேளையில் கொடுங்கள் என்று பெற்றோரைக் கேட்கிறோம். பள்ளி நேரத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்க வேண்டாம் என வாசல் கடைக்காரர்களையும் கேட்டிருக்கிறோம். இதற்குப் பணம் தேவையில்லை.

பணம் தேவைப்படுவது இவற்றுக்கு. 140 பிள்ளைகளுக்கு 210 பள்ளி நாளுக்கான பசை சுமார் ஏழேகால் கிலோ; நூறு கிராம் குழாய் 60 ரூபாய் வீதம் 74 குழாய்களுக்கு 4,440 ரூபாய். பிரஷின் நார் நான்கு மாதத்தில் வளைந்துவிடுவதால், ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று வீதம் 420 பிரஷ்கள், ஒன்று 20 ரூபாய் என 8,400 ரூபாய். ஆக ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 92 ரூபாய். மூன்று ஆண்டுக்கு மொத்தம் 38,520 ரூபாய். துப்புவதற்கான தொட்டி, வடிகால், குழாய்கள், பிரஷ் தாங்கிகள் ஆகியவற்றுக்கு ஒரே முறையாக 22,000 ரூபாய். எஞ்சிய 9,480 ரூபாய் தண்ணீர்ப் பரிசோதனைக்கும், பல் மருத்துவர் தொடக்கத்திலும் மூன்றாம் ஆண்டின் இறுதியிலும் செய்யும் பரிசோதனைக்குமான பொருள்களுக்கும் ஆகும். ஏற்கெனவே குழி விழுந்த பற்களைத் துலக்குவதால் சரிசெய்ய இயலாது. அந்தப் பிள்ளைகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைக் குழு உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்கிறோம்.

இரு பரிசோதனைகளிலும் சொத்தை, அடைப்பு, இழப்பு உள்ள நிரந்தரப் பற்களை வகுப்புவாரியாக எண்ணி, பிள்ளைகளின் பெயரின்றி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். எண்ணிக்கை குறையாவிட்டால் அதையும் அப்படியே ஒட்டுவோம்.

92 ரூபாய் கொடுப்பவர் ஒரு பிள்ளையின் ஓராண்டையும், 276 ரூபாய் கொடுப்பவர் மூன்று ஆண்டையும் ஏற்றுக்கொள்கிறார். பிரஷாகவோ பசையாகவோ தர விரும்புவோர், வாங்குமுன் எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். ஃபுளோரைடு இல்லாத பசையும், பெரியவர்களுக்கான அகலத் தலைப் பிரஷும் எங்களுக்குப் பயன்படா. நன்கொடைகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்தலாம், அல்லது பள்ளி அலுவலகத்தில் தலைமையாசிரியரிடம் கொடுத்து ரசீது பெறலாம். வரவும் செலவும் பருவந்தோறும் பலகையில் ஒட்டப்படும். தொட்டி கட்டும் வேலையைக் கோடை விடுமுறையில் முடிக்க வேண்டியிருப்பதால், அதற்கான தொகை மட்டும் ஏப்ரல் இறுதிக்குள் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

இவண்,
பள்ளி மேலாண்மைக் குழுவினர்